பச்சைக் கோடு ஓடும் முகம்

ஃபாவிச ஓவியங்களில் முகத்துக்குக்கூடப் பச்சை நிறம் பூசுகிறார்களே, ஏன்?

ஃபாவிசம் என்பது, பொருளின் உண்மையான நிறத்தைப் பின்பற்றாமல், ஓவியத்துக்குத் தேவைப்படும் நிறத்தைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர்களின் போக்கு. 1905இல் பாரிசில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், அவர்களைக் 'காட்டு விலங்குகள்' என்ற பொருள்படும் 'ஃபோவ்' என்னும் சொல்லால் குறிப்பிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டில் அவர்களில் ஒருவரான ஆன்றி மத்தீஸ் தம் மனைவியை வரைந்த ஓவியத்தில், நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைக் கோடு இறங்குகிறது. அதன் ஒரு பக்கம் மஞ்சள் சாயல், மறுபக்கம் இளஞ்சிவப்பு. வழக்கமாக மூக்கை எழுப்பிக் காட்ட ஓவியர் தோலின் நிறத்தையே சற்று இருட்டாக்கி நிழலிடுவார். இங்கே வெளிச்சப் பகுதியையும் நிழற்பகுதியையும் பிரிக்கும் அந்த வேலையை, சிவப்புக்கு எதிர்நிறமான பச்சை செய்கிறது. கோட்டை விரலால் மறைத்துப் பாருங்கள், முகம் தட்டையாகிவிடும்.

உலக வரைபடத்தில் ஒரு நாடு மஞ்சளாக இருந்தால் அங்குள்ள மண் மஞ்சள் என்று நாம் எண்ணுவதில்லை. பக்கத்து நாட்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவே அந்த நிறம். மத்தீஸின் பச்சையும் ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் வரைபடத்தில் இல்லாத உணர்ச்சி அதில் இருக்கிறது.

கைக்குக் கிடைத்த நிறத்தைப் பூசினார்கள் என்று பலர் நினைப்பது தவறு: பொருளோடு பொருந்த வேண்டிய கட்டாயம்தான் நீங்கியது, பக்கத்து நிறத்தோடு பொருந்த வேண்டிய கட்டாயம் நீங்கவில்லை.