விடுதி அறையில் தனியாக ஒரு பண்டிகை: வீடியோவுக்கு எப்படி எழுதுவது

“அண்ணா, பண்டிகைக்கு வீட்டை விட்டு வெளியே இருப்பது இதுதான் முதல் தடவை. தொழிலாளர் விடுதியில் ஆறு பேர் தங்கும் அறை. அன்றைக்கு லீவும் இல்லை. நான் தனியாகக் கொண்டாடுவதைச் சின்ன வீடியோவாக எடுக்க ஆசை. கையில் ஒரே ஒரு போன்தான். ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?”

தம்பி, எழுத உட்காரும் முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள். இந்த வீடியோ யாருக்குப் போகிறதோ இல்லையோ, உன் அம்மாவுக்குப் போய்ச் சேரும். நீ அனுப்பாவிட்டாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் போனைக் கொண்டுபோய் நீட்டிவிடுவார். அதனால் காலில் பட்ட காயமோ, சம்பளம் தள்ளிப்போவதோ, அறையின் நெருக்கடியோ அதில் வருவதாக இருந்தால், அதை நீயே முன்கூட்டிப் போனில் சொல்லிவிடு. சொல்ல மனம் வரவில்லையா, ஸ்கிரிப்டிலிருந்தும் எடுத்துவிடு. அம்மா முதன்முதலாகத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அடுத்தது, வீடியோவுக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். “தனியாக இருக்கிறேன்” என்பது மட்டும் போதாது. அதை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம், மீதி நேரத்துக்கு ஒன்றும் இருக்காது. உன் அறையையே பார். ஆறு பேரில் யாராவது ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குவார். பண்டிகை என்றாலே சத்தம்தான். அந்தப் பண்டிகையைத் தூங்குகிறவரை எழுப்பாமல் கொண்டாட வேண்டும். விடுதியில் வருடக்கணக்கில் இருந்த எனக்கு, அங்கே கழித்த பண்டிகைகளில் முதலில் நினைவுக்கு வருவது அந்த அடக்கமான நடமாட்டம்தான். உன் வீடியோவை இதன் மேல் கட்டலாம். பார்க்கிறவருக்கும் “எழுந்துவிடுவாரோ” என்ற கவலை ஒட்டிக்கொள்ளும், கடைசி வரை பார்ப்பார்.

நான்கு நிமிடம் போதும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரி. இடப்பக்கம் கண்ணில் படுவது, வலப்பக்கம் காதில் விழுவது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90, 100 சொற்கள் வரும். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் வெறும் அறைச் சத்தம் என்று வைத்தால், நீ எழுத வேண்டியது 200 சொல்லுக்குள்தான். வலப்பக்கம் நிரம்பி வழிந்தால் பேச்சு அதிகமாகிவிட்டது என்று தாளைப் பார்த்தாலே தெரியும்.

முதல் காட்சியை மட்டும் எழுதிக் காட்டுகிறேன்.

கண்ணில் படுவது: இருட்டு. ஜன்னலிலிருந்து மங்கலான வெளிச்சம். கை தலையணைக்கு அடியில் நுழைந்து எதையோ அணைக்கிறது. ஏணிப்படியில் ஒரு கால், நின்று, அப்புறம் மறு கால். கட்டில் கம்பியில் தொங்கும் தேய்த்த சட்டை.

காதில் விழுவது: போன் அதிரும் சத்தம். மின்விசிறி. கட்டில் ஒரு தடவை கிறீச்சிடுகிறது, எல்லாம் நிற்கிறது. பிறகு உன் குரல்: “வீட்டில் இருந்திருந்தால் என்னை எழுப்ப இந்நேரம் நாலு பேர் கத்தியிருப்பார்கள். இங்கே அலாரத்தை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வந்து படுத்து அரை மணிகூட ஆகவில்லை.”

அந்தப் பேச்சில் “வருத்தம்”, “ஏக்கம்” என்ற சொற்கள் வரவில்லை, கவனித்தாயா? கேமரா காட்ட முடியாததை மட்டும் நீ பேச வேண்டும்: வீட்டில் இந்நேரம் என்ன நடக்கிறது, யார் எதற்குத் திட்டுவார்கள், எது உனக்கு மட்டும் தெரியும். “இப்போது சட்டை போடுகிறேன்” என்று சொல்வது வீண், அதுதான் தெரிகிறதே.

லீவு இல்லாதது குறையே இல்லை. வேலையிடத்தில் படம் பிடிக்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது, அதற்கு முயலாதே, வேலை போய்விடும். காலையில் ஷூ லேஸ் கட்டுவதை மேலிருந்து எடு. மாலையில் அதே இடத்தில், அதே கோணத்தில், தூசி படிந்த ஷூவைக் கழற்றுவதை எடு. இரண்டையும் ஒட்டினால் முழு ஷிஃப்ட்டும் இரண்டு வினாடியில் போய்விடும். பேச்சே வேண்டாம்.

மாலையில்தான் வீட்டுக்குப் போன். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்வார்கள்: பேசவும் படம் பிடிக்கவும் ஒரே போன். பேசிக்கொண்டே திரையைப் பதிவு செய்யலாம்தான், ஆனால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் அவர்கள் முகத்தையும் கண்ணீரையும் ஊருக்கெல்லாம் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. பேச்சை எடுக்கவே எடுக்காதே. முன்னும் பின்னும் எடு. முன்னால், போனைச் சுவரில் சாய்த்துவைத்து, தலை வாரிக்கொண்டு, பின்னால் தொங்கும் துணிகளை அகற்றி, கொஞ்சம் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்காருவதை எடு. எல்லோரும் அதைச் செய்வோம், யாரும் வெளியில் சொல்வதில்லை. பிறகு பேசிவிட்டு வா. முடிந்ததும் உடனே கேமராவை ஓடவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் உட்கார். அதிலிருந்து பதினைந்து வினாடி எடுத்துக்கொள். அதற்கு மேல் உன் குரலில் வீட்டார் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல், சாதாரண வாக்கியமாக. “சாப்பிட்டியா என்று கேட்டார்கள், சாப்பிட்டேன் என்றேன்” என்பது போல.

தீ சம்பந்தப்பட்ட எதையும் அறைக்குள் எழுதாதே. விடுதிகளில் பொதுவாக அதற்குத் தடை இருக்கும், புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் மொத்தக் கட்டடமும் வெளியே நிற்கும். வார்டன் சம்மதித்தால் வெளி முற்றத்தில் எடு. இல்லையென்றால் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு போதும்.

குரலைப் படம் எடுக்கும்போதே பதியாதே. எல்லாம் முடிந்த பிறகு, போர்வையைத் தலைவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்துப் படி. வெறும் சுவரும் தரையும் உள்ள அறையில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல எதிரொலிக்கும். போர்வை அதை விழுங்கிவிடும். தூங்குகிறவரும் தூங்கிக்கொண்டிருப்பார். யாரும் பேசாத நேரத்தில் அறைச் சத்தத்தை மட்டும் 30 வினாடி தனியாகப் பதிந்துவை. இரண்டு துண்டுகளை ஒட்டும் இடத்தில் மின்விசிறிச் சத்தம் அறுபட்டால் காது உடனே கண்டுபிடிக்கும்; இந்தப் பதிவை அடியில் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது. சினிமாப் பாட்டு சேர்க்காதே. உரிமைக்காரர் புகாரில் வீடியோ முடங்கலாம், உன் அறையின் சத்தமும் அமுங்கிப்போகும்.

போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார். அடையாள அட்டை எண், சீருடையில் கம்பெனிப் பெயர், கதவில் அறை எண், தூங்குகிறவர் முகம், இவையெல்லாம் ஓரத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அறைக்காரர்கள் ஐந்து பேரிடமும் காட்டு. ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தத் துண்டை வெட்டிவிடு, ஏன் என்று கேட்காதே. அவர் வீட்டில் அவர் எங்கே தங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாரோ, நமக்குத் தெரியாது.