மழை நாள் வாடகையும் மிச்ச டெபாசிட்டும்

கேள்வி: செங்கோட்டையில் கட்டட வேலைச் சாமான்களை வாடகைக்கு விடுகிறேன், ஜிஎஸ்டி பதிவு உண்டு. ஆரியங்காவில் சொந்த வீடு கட்டும் ஒருவர் 15,000 ரூபாய் டெபாசிட் கட்டி மிக்சரும் வைப்ரேட்டரும் எடுத்துப்போனார். மிக்சருக்கு நாள் வாடகை 900 ரூபாய், குறைந்தது 3 நாள். வைப்ரேட்டருக்கு 400 ரூபாய். ஜூன் 9 காலை 8 மணிக்குப் போனவை 14-ஆம் தேதி காலை 11 மணிக்குத் திரும்பின. டிரம்முக்குள் கான்கிரீட் இறுகியிருந்தது. கொத்தி எடுக்கக் கூலி 1,200. ஒன்றரை ஆண்டுக்கு முன் வாங்கிய வைப்ரேட்டர் ஹோஸ் கிழிந்துவிட்டது, புதியது 2,800. இரண்டு நாள் மழையில் வேலையே நடக்கவில்லை, அதற்கு வாடகை தரமாட்டேன் என்கிறார். டெபாசிட்டை மொத்தமாக வைத்துக்கொள்ளலாமா? பில் எப்படிப் போடுவது?

பதில்: முடியாது. என் கணக்கில் நீங்கள் அவருக்கு 4,730 ரூபாய் திருப்பித் தரவேண்டும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். வாடகை, நஷ்டம், டெபாசிட் மூன்றையும் ஒரே தாளில் கலந்து எழுதுவதால்தான் இந்த மாதிரித் தகராறுகளில் பாதி முளைக்கின்றன.

முதலில் நாள் கணக்கு. 9 முதல் 14 வரை விரலை மடக்கினால் ஆறு நாள் வரும். 24 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்தால் ஐந்து நாளும் மூன்று மணி நேரமும் வரும். எந்த முறை என்று உங்கள் ரசீதில் அச்சிட்டிருந்தால் அதுவே செல்லும். அச்சிடவில்லை என்றால் ஐந்து நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்தவர் தெளிவாக எழுதாமல் விட்டதன் பலன் பொதுவாக எதிராளிக்கே போகும். மூன்று மணி நேரத்துக்காக 1,300 ரூபாய் கேட்டு வழக்காடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ரசீதுப் புத்தகத்தில் "காலை 10 மணிக்குமேல் திரும்பினால் அந்த நாளும் சேரும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

குறைந்தபட்ச நாள் இங்கே பேச்சிலேயே வராது. ஏற்றி இறக்கும் சிரமத்துக்கும், ஒரே நாளில் திருப்பினால் அடுத்த ஆள் கிடைக்காமல் போவதற்கும் ஈடாக வைக்கும் அடித்தளம் அது. ஒரு நாளில் திருப்பியிருந்தாலும் மூன்று நாள் வாடகை, அவ்வளவுதான். ஐந்து நாள் வைத்திருந்தவரிடம் ஐந்து நாள் வாடகைதான். அதற்குமேல் மூன்று நாளைத் தனியாகக் கூட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

மழைக்கு விலக்கு இல்லை. வாடகை என்பது சாமான் அவர் வசம் இருப்பதற்கு. அது சுற்றியதா, தார்ப்பாயின் கீழ் நின்றதா என்பது உங்கள் கணக்கு அல்ல. ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாயில் மழை பெய்யும் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். வேலை இல்லை என்று தெரிந்த அன்றே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மிக்சர் உங்கள் பக்கத்துக் கோளாறால் நின்றிருந்தால், அவர் தகவல் சொன்ன நேரத்திலிருந்து நீங்கள் சரிசெய்து கொடுக்கும்வரை வாடகை ஓடக்கூடாது.

ஆக வாடகை: மிக்சர் 4,500, வைப்ரேட்டர் 2,000, கூட்டினால் 6,500. இதற்கு 18 சதவீத வரி 1,170. மொத்தம் 7,670 ரூபாய். சாமானைக் கடை வாசலில்தானே ஒப்படைத்தோம் என்று வரியை மத்திய வரி 9, மாநில வரி 9 எனப் பிரித்துவிடாதீர்கள். பொருளை வாடகைக்கு விடுவது ஜிஎஸ்டியில் சேவை. பதிவு இல்லாதவர் என்றாலும் அவருடைய கேரள முகவரி உங்கள் ஏட்டில் இருக்கிறது. எனவே இது வெளிமாநிலச் சேவை, வரி முழுவதும் ஐஜிஎஸ்டி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர் செங்கோட்டை. சொந்தபந்தத்துக்கு அந்த எல்லை இன்னும் ஒரு பொருட்டில்லை, பில்லுக்கு உண்டு.

அடுத்தது நஷ்டம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் பொருள்போல, சாதாரண விவேகமுள்ள ஆள் காட்டும் கவனத்தோடு பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது. அந்த அளவுகோலில் டிரம் விஷயம் எளிது. அன்றன்று வேலை முடிந்ததும் ஜல்லியும் தண்ணீரும் விட்டுச் சில நிமிடம் சுற்றினால் ஒட்டியது கழன்றுவிடும். கொத்தனாருக்கு இது தெரியாமல் இராது. இறுகவிட்டது கவனக்குறைவு, ஆகவே கூலி 1,200 முழுதும் கேட்கலாம். கூலி கொடுத்த சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் பிளேடு தேய்ந்திருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். ஜல்லி உரசினால் தேயத்தான் செய்யும், அந்தத் தேய்மானம் வாடகைக்குள்ளேயே அடக்கம்.

ஹோஸில்தான் நீங்கள் சறுக்கக்கூடும். 2,800 ரூபாயையும் கேட்டால், பழைய ஹோஸைக் கொடுத்துப் புதிய ஹோஸ் வாங்கியவர் ஆவீர்கள். உங்கள் கடையில் ஒரு ஹோஸ் சுமார் மூன்று ஆண்டு உழைக்கும் என்றால், ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே உழைத்துவிட்டது; மிச்சம் பாதி விலை, 1,400 ரூபாய்.

எடுக்கும்போதே கிழிசல் இருந்தது என்று அவர் சொன்னால் ஹோஸையே பாருங்கள். பழைய வெடிப்பின் உள்ளே சிமெண்டுப் பால் காய்ந்து படிந்திருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். புதிய கிழிசலின் உள்ரப்பர் கறுப்பாகத் துலங்கும். அது ஒரு தடயம் மட்டுமே. சாமான் போகும்போது டிரம்மின் உள்பக்கம், ஹோஸின் இரு முனை, எஞ்சின் எண் ஆகிய மூன்றையும் படமெடுத்து, அவர் கையெழுத்திட்ட சீட்டில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பேச்சு எழவே எழாது. படமும் இல்லை, சீட்டும் இல்லை என்றால் ஹோஸ் பணத்தில் இறங்கிவரத் தயாராக இருங்கள்.

இந்த 2,600 ரூபாய் நஷ்ட ஈடு. சேவைக்கு விலை அல்ல. 2022 ஆகஸ்டில் வந்த மத்திய வரித் துறைச் சுற்றறிக்கை 178 இந்த வேறுபாட்டை விளக்குகிறது. இதற்கு ஜிஎஸ்டி போடவேண்டாம், வாடகை பில்லிலும் எழுதவேண்டாம். ஆனால் எல்லாரிடமும் வழக்கமாக "சுத்தம் செய்யும் கட்டணம்" என்று ஒரு தொகை வசூலிப்பவராக இருந்தால் அது சேவை, வரி உண்டு. நாள் கடந்த வாடகையை "அபராதம்" என்று பெயர் மாற்றி எழுதினாலும் வரி விலகாது.

டெபாசிட்டை வாங்கும்போது வரி கிடையாது. வாடகைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் அளவு மட்டுமே கட்டணமாக மாறுகிறது. அதனால் வரி பில் 7,670 ரூபாய்க்குத் தனியாக இருக்கட்டும். இன்னொரு தாளில் கணக்கு முடிக்கும் சீட்டு:

டெபாசிட் 15,000
கழிவு: வாடகை பில் 7,670
கழிவு: டிரம் சுத்தம் 1,200
கழிவு: ஹோஸ் 1,400
திருப்பித் தருவது 4,730

தகராறு ஹோஸைப் பற்றி மட்டும் இருந்தால் 1,400 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, பாக்கியை உடனே கொடுத்துவிடுங்கள். மறுப்பே இல்லாத பணத்தையும் பிடித்துவைப்பது உங்கள் பக்கத்து நியாயத்தைக் கெடுக்கும். தொகையை வங்கி வழியாக அனுப்பி, அவரிடமுள்ள டெபாசிட் ரசீதின் அசலைத் திரும்ப வாங்கிச் சீட்டோடு தைத்துவிடுங்கள். அசல் அவரிடமே தங்கினால், ஆறு மாதம் கழித்து அதே ரசீதோடு வேறு யாராவது வந்து நிற்கலாம்.