கடைசி ஆறு பக்கங்கள் இல்லாத புத்தகம்

கேள்வி: கிராமப் பள்ளி ஒன்றின் நூலகத்துக்கு நன்கொடை கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். படிப்பவர் மனம் அசைய வேண்டும், ஆனால் பிள்ளைகளைப் பாவப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது. எப்படி எழுதுவது?

இதே வேலையை ஒருமுறை தப்பாகச் செய்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று நான் எழுதிய கடிதம் இப்படி ஆரம்பித்தது:

“கிழிந்த சீருடை, வெறுங்கால், கண் நிறைய ஏக்கம். இந்த எட்டு வயதுச் சிறுமிக்குப் புத்தகம் என்பது எட்டாக்கனி. நீங்கள் மனது வைத்தால் அவள் வாழ்வில் ஒளி பிறக்கும்.”

பணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே இரண்டு மூட்டை பழைய துணியும், பாடத்திட்டம் மாறிப்போன பழைய பாடப்புத்தகங்களும் வந்தன. “அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடாவது கிடைக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னென்ன புத்தகம் வாங்கப்போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர்கள் மேல் தப்பில்லை. நான் எழுதியது வறுமையைப் பற்றி. நூலகம் அதில் பேருக்குத்தான் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் மோசம். நல்ல எண்ணத்தில் ஓர் ஆசிரியர் அந்தக் கடிதத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். கடிதத்தோடு போட்டிருந்த படத்தில் இருந்த சிறுமி நன்றாகப் படிப்பவள், அதையும் படித்துவிட்டாள். மறுநாள் அவளுடைய அம்மா வந்து, “எங்க பொண்ணு என்னைக்குங்க கிழிஞ்ச துணி போட்டுக்கிட்டு வந்தா?” என்று கேட்டார். விளையாடிவிட்டு வந்த நேரத்தில் எடுத்த படம் அது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை எழுதுவதற்கு முன் ஒரு பிற்பகல் முழுக்க அந்த நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நூலகம் என்றால் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். நீங்களும் போனால் பிள்ளைகளைப் பேட்டி எடுக்காதீர்கள். முதலில் புத்தகம் கொடுக்கும் பதிவேட்டை வாங்கிப் புரட்டுங்கள். எந்தப் புத்தகம் திரும்பத் திரும்பப் போகிறது, எது யார் கையிலும் படாமல் கிடக்கிறது, யார் தேதி தாண்டியும் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த பதிவேட்டில் ஒரே ஒரு கதைப்புத்தகம் மட்டும் மற்ற எதையும்விட அதிகமாக எழுதப்பட்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களே இல்லை. விசாரித்தால் ஆசிரியர் சிரித்துக்கொண்டே கதை சொன்னார். கடிதம் அங்கேயே கிடைத்துவிட்டது:

“எங்கள் நூலகத்தில் ஒரு கதைப்புத்தகம் இருக்கிறது. அதன் கடைசி ஆறு பக்கங்கள் எப்போதோ கிழிந்து போய்விட்டன. அப்படியும் இந்த ஆண்டில் 31 முறை அது வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. முடிவு இல்லாததால் பிள்ளைகளே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பைக் கேட்டால் கிழட்டு ராஜா செத்துப்போகிறார். ஆறாம் வகுப்பைக் கேட்டால் மாறுவேடத்தில் தப்பித்துவிடுகிறார். எது சரி என்று இடைவேளையில் சண்டை நடக்கிறது. இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கவும், இதுபோல் இன்னும் நிறையச் சண்டைகளைக் கிளப்பிவிடவும் எங்களுக்கு 400 புத்தகங்கள் வேண்டும். ஒரு பங்கு என்பது ஐந்து புத்தகங்கள், அவற்றுக்கான அட்டையோடு. மொத்தம் 80 பங்கு. எந்தப் புத்தகங்கள் என்ற பட்டியல் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் பாதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகள்.”

இல்லாமை இதிலும் இருக்கிறது, கிழிந்த ஆறு பக்கங்களாக. ஆனால் ‘ஏக்கம்’, ‘எட்டாக்கனி’ என்று நான் எங்கும் சொல்லவில்லை. பாதியில் நின்ற கதையின் முடிவுக்காகத் தவித்த அனுபவம் படிப்பவர் எல்லோருக்கும் உண்டு. அந்தத் தவிப்பு தானாக வந்துவிடுகிறது. அப்போது அவர் மேலே நின்று கீழே பார்ப்பதில்லை, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே புத்தகத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். பிள்ளைகளும் இதில் சும்மா காத்துக்கொண்டு நிற்கவில்லை. கதை கட்டுகிறார்கள், வாதம் செய்கிறார்கள். நன்கொடை வருவதற்கு முன்பே அங்கே வாசிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

31 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? “இத்தனை ஆயிரம் பள்ளிகளில் நூலகம் இல்லை” என்ற வகை எண்ணை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். 2007இல் டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பங்கேற்றவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து பசியால் வாடுபவர்களுக்கு உதவக் கேட்டார்கள். ஒரே ஒரு சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள், புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43தான். அதாவது பெரிய எண் பக்கத்தில் வந்து நின்றதும் ஒற்றைக் கதையின் பலமும் இறங்கிவிட்டது. இந்த ஆய்வைக் காட்டி “ஒரு குழந்தையின் சோகப் படம் போடுங்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. சோகம் இல்லாத ஒற்றைக் கதை எப்படி வேலை செய்யும் என்பதை அது சோதிக்கவே இல்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, மையத்தில் ஒன்றே ஒன்று இருக்கட்டும் என்பதை மட்டும். அந்த ஒன்று குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, புத்தகமாகவும் இருக்கலாம். பெயர், படம், அனுமதி பற்றிய சிக்கலில் பாதி அதனாலேயே தீர்ந்துவிடும்.

பங்குக் கணக்கில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘ஐந்து புத்தகங்கள்’ என்று எழுதினால் அந்தப் பணத்தில் அட்டை போடும் செலவும் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் அடங்க வேண்டும். புத்தக விலையை மட்டும் போட்டுவிட்டு, வண்டிக் கூலிக்காகப் பின்னால் நாலாவது புத்தகத்தோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். 80 பங்குக்கு மேல் வந்தால் அதை என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நாங்கள் ‘கிழிந்துபோகும் புத்தகங்களுக்குப் பதில் புதியவை வாங்க’ என்று எழுதியிருந்தோம்.

அச்சுக்குப் போகும் முன் கடிதத்தை அந்த வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கூச்சத்தில் எந்த வரியை விழுங்கத் தோன்றுகிறதோ அதை வெட்டிவிடலாம். எனக்கு அங்கே ஒரு திருத்தமும் கிடைத்தது. முதல் வரைவில் ராஜா ‘ஓடிப்போகிறார்’ என்று எழுதியிருந்தேன். ஆறாம் வகுப்பு ஒத்துக்கொள்ளவே இல்லை, மாறுவேடம் முக்கியமாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கடிதத்துக்குப் பணம் முதல் கடிதத்தைவிட மெதுவாகத்தான் வந்தது. பாவம் என்று நினைப்பவர் உடனே கொடுத்துவிடுகிறார், பட்டியலைப் புரட்டுபவர் நேரம் எடுக்கிறார். அவசரமாகத் தொகை திரட்ட வேண்டுமென்றால் நாள் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. பழைய துணி ஒன்றுகூட வரவில்லை. “பட்டியலில் அறிவியல் குறைவாக இருக்கிறதே” என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். சிறுவயதில் தான் முடிக்காமல் விட்ட புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

தன்னிடம் அதே புத்தகம் இருப்பதாகச் சொல்லி, கடைசி ஆறு பக்கங்களை நகல் எடுத்து அனுப்பியவரும் உண்டு. உண்மையான முடிவில் ராஜா சாகவும் இல்லை, தப்பிக்கவும் இல்லை. ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் சேர்ந்துகொண்டு, எழுதியவருக்குத்தான் கதை தெரியவில்லை என்று முடிவு செய்தார்கள். நன்கொடையாளர்களுக்கு நாங்கள் அனுப்பிய நன்றிக் கடிதம் இந்தச் செய்தியோடுதான் தொடங்கியது.