‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வது?

*திருமங்கலம் பக்கம் மல்லிகை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். இயக்குநர் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மினிட்ஸ் எழுதப்படுகிறது. தலைவரோ, “என்ன முடிவாச்சு, யார் எதைச் செய்யணும், எப்பக்குள்ள, ஒரே தாள்ல எழுதிக் குடும்மா” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?*

பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அடிக்கோடிடுங்கள். தமிழில் எழுதும் மினிட்ஸில் விஷயம் முழுக்க வினைமுற்றில்தான் இருக்கிறது. ‘விவாதிக்கப்பட்டது’, ‘சுட்டிக்காட்டினார்’, ‘கவலை தெரிவித்தனர்’ என்று முடிந்தால் அது பேச்சு. ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’ என்றால் முடிவு. ‘கேட்டுக்கொள்ளப்பட்டது’, ‘ஏற்பாடு செய்யப்படும்’ என்றால் பெரும்பாலும் ஒரு வேலை. ஓரத்தில் பே, மு, வே என்று ஓரெழுத்துப் போட்டுக்கொண்டே போனால், பத்துப் பக்கத்தில் பாதிக்கு மேல் ‘பே’ விழுவதைப் பார்ப்பீர்கள்.

சந்தேகம் வரும் இடங்களுக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இது. நாளைக்கு ஒருவர் இதற்கு மாறாக நடந்தால், ‘கூட்டத்தில் இப்படித்தானே சொன்னோம்’ என்று அவரை நிறுத்த முடியுமா? முடிந்தால் முடிவு. ‘முடிந்துவிட்டதா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் வேலை.

உங்கள் கூட்டத்தில் வரக்கூடிய மாதிரி ஒரு பத்தியை நானே எழுதிப் பார்க்கிறேன். கூட்டம் நடந்தது நவம்பர் 8 என்று வைத்துக்கொள்வோம்.

“பூ சேகரிப்பு மையத்தின் மின்னணுத் தராசு குறித்து உறுப்பினர்கள் குறை கூறினர். அதன் முத்திரையைப் புதுப்பிப்பதன் அவசியம் விவாதிக்கப்பட்டது. இரண்டாவது தராசு ஒன்று வாங்கலாம் என்று செக்கானூரணி இயக்குநர் கூறினார். ரூ. 18,000-க்கு மிகாமல் வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. மூன்று விலைப்புள்ளிகள் பெற்று ஆவன செய்யப்படும். கவாத்துப் பயிற்சியைக் கார்த்திகை முடிவதற்குள் நடத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது.”

ஆறு வாக்கியத்தில் முடிவு ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவது தராசு, ரூ. 18,000-க்குள். தொகையை விட்டுவிடாதீர்கள். ‘தராசு வாங்க முடிவு’ என்று மட்டும் எழுதினால் இருபத்தைந்தாயிரத்துக்கு பில் வந்து நிற்கும்.

முத்திரை விஷயம் வெறும் ‘விவாதிக்கப்பட்டது’. அதை முடிவாக எழுத உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் முத்திரைக் காலம் முடிந்த தராசில் பூ எடை போடக்கூடாது என்பது சட்டம். விட்டுவிடவும் முடியாது. இப்படிப்பட்டவற்றுக்காகத்தான் தாளின் அடியில் ‘கேட்க வேண்டியவை’ என்று ஒரு பகுதி வைக்கச் சொல்கிறேன். “பழைய தராசின் முத்திரையைப் புதுப்பிக்க யார் போகிறார்கள்?” என்று அங்கே எழுதுங்கள். என்னைக் கேட்டால், தாளிலேயே அதிகம் உதவுகிற பகுதி அதுதான்.

அடுத்தது ‘ஆவன செய்யப்படும்’. யார் செய்வார் என்பதே இல்லாமல் ஒரு வாக்கியத்தை நம் மொழியில் அழகாக முடித்துவிடலாம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு சங்கத்தில் கிடங்கின் ஓடு மாற்ற ‘ஆவன செய்யப்படும்’ என்று மூன்று கூட்டங்களில் எழுதினோம். எழுதியவன் நான்தான். ஐப்பசி மழையில் உர மூட்டைகள் நனைந்த பிறகு விசாரித்தால், செயலாளர் தலைவரைக் காட்டினார், தலைவர் கிடங்குப் பொறுப்பாளரைக் காட்டினார். யாரும் பொய் சொல்லவில்லை. மினிட்ஸில் எவர் பெயரும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் வேலைக்கு ஒரு ஆள், ஒரே ஆள். ‘நிர்வாகம்’, ‘அலுவலகம்’, ‘சம்பந்தப்பட்டவர்கள்’ எல்லாம் ஆள் கணக்கில் சேராது. இரண்டு பேர் சேர்ந்து செய்வதாக இருந்தாலும், யாரிடம் கேட்பது என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. யோசனை சொன்னவர் செக்கானூரணி இயக்குநர் என்பதால் விலைப்புள்ளி வாங்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். சொன்னவர் வேறு, ஏற்றுக்கொண்டவர் வேறு. அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். பெயர் இல்லையென்றால் நீங்களாக நிரப்பாமல் ‘பெயர் இல்லை’ என்றே எழுதி, அன்றே தலைவருக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

நாள் விஷயத்தில்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். ‘கார்த்திகை முடிவதற்குள்’ என்பதை டிசம்பர் 15 என்று மாற்றி எழுதுவது எளிது. ஆனால் மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில் செய்வது வழக்கம். டிசம்பர் 15-ல் பயிற்சி வைத்தால், வெட்டி முடித்த செடியை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவது என்று பாடம் நடத்துவதாகிவிடும். ஆகவே எழுதிய நாளைப் பெயர்ப்பதோடு நிற்காமல், அந்த வேலை எதற்காக, அது எப்போது தேவைப்படும் என்று பின்னாலிருந்து எண்ணுங்கள். கவாத்து 24-ஆம் தேதி வாக்கில் தொடங்கினால் பயிற்சி 20-க்குள் முடிய வேண்டும், விவசாயிகளுக்குத் தகவல் 13-க்குள் போக வேண்டும். இதையும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ‘மினிட்ஸில் டிசம்பர் 15, உத்தேசம் நவம்பர் 20’ என்று இரண்டையும் எழுதித் தலைவரிடம் காட்டுங்கள். ‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’ போன்றவற்றுக்கும் இதே வழிதான்.

தராசு வாங்குவதும் ஒரே வேலை இல்லை. விலைப்புள்ளி வாங்குவது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, முத்திரையோடு தராசை மையத்தில் இறக்குவது என மூன்று வேலைகள். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. இந்த மூன்றுக்கும் தலைவர் ஆட்களையும் நாட்களையும் சொல்லி, பயிற்சிக்கு மட்டும் இன்னும் சொல்லாத நிலையில் தாள் இப்படி இருக்கும்:

முடிவு
இரண்டாவது மின்னணுத் தராசு, ரூ. 18,000-க்கு மிகாமல். (பக். 3)

வேலைகள்
மூன்று விலைப்புள்ளிகள் – கணக்காளர் – நவம்பர் 15 (பக். 3)
ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் – தலைவர் – நவம்பர் 18
முத்திரையோடு மையத்தில் இறக்குதல் – மையப் பொறுப்பாளர் – நவம்பர் 28
கவாத்துப் பயிற்சி – பெயர் இல்லை – மினிட்ஸில் டிசம்பர் 15, உத்தேசம் நவம்பர் 20 (பக். 3)

கேட்க வேண்டியவை
பழைய தராசின் முத்திரை யார் பொறுப்பு? எப்போது காலாவதி?

பக்க எண் கட்டாயம். யாராவது ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்றால் உடனே புரட்டிக் காட்டலாம்.

தாளை முடிக்கும் முன் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை படித்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒப்புதல் கொடுத்ததை, ஒன்பதாம் பக்கத்தில் நிதி பேசும்போது ‘அடுத்த காலாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்று திருப்பிப் போடுவது சர்வசாதாரணம். பின்னால் சொன்னதுதான் நிற்கும்.

இன்னொன்று, இந்தத் தாளுக்காக மினிட்ஸில் கை வைக்காதீர்கள். கம்பெனிகள் சட்டப்படி கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டிய ஆவணம் அது. உங்கள் தாள் அலுவலகப் பயன்பாட்டுக்கு. அதற்கு 30 நாள் காத்திருந்தால் கவாத்தே முடிந்துவிடும். கூட்டத்துக்கு மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆளுக்கு ஒரு செய்தியாக, அவரவர் வரியை மட்டும் தனியாக அனுப்பி, “சரிதானே அண்ணே, நாள் போதுமா?” என்று கேளுங்கள். நாள் போதாது என்பவர் அப்போதே சொல்லிவிடுவார். அதைத் திருத்திக்கொண்டு குழுவில் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இந்தத் தாளையே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே வரி மூன்றாவது முறையும் ‘நிலுவை’ என்று வந்தால், அதற்கு இன்னொரு தேதி போடாமல், ‘இதைச் செய்யப்போகிறோமா, விடப்போகிறோமா?’ என்று புதுப் பொருளாக அஜெண்டாவில் ஏற்றிவிடுங்கள்.