தலைமையாசிரியர் ஆகாமலே பயிற்சி, பாடநூல் பணிக்குப் போக முடியுமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஈராசிரியர் பள்ளியில் 12 வருடமாக இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். பாடநூல் எழுதுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இதில்தான் ஆர்வம். தலைமையாசிரியர் ஆன பிறகுதான் அதற்கெல்லாம் கூப்பிடுவார்களா?

பதில்: இல்லை. பதவி உயர்வு பணிமூப்புப் பட்டியல்படி வரும். பயிற்சி, பாடநூல் பணிக்குப் பட்டியல் கிடையாது. உங்கள் வேலையைப் பார்த்தவர்கள்தான் கூப்பிடுவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சில வருடம் ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்தில் இருந்தேன். கருத்தாளர் தேர்வு எப்படி நடக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

தொடக்கம் குறுவள மையக் கூட்டம்தான். பலர் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை தளி பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை அப்படியே கட்டி எடுத்து வந்தார். கடன் வாங்கிக் கழித்தல். 52-இல் 27 போனால் எவ்வளவு என்பதற்குப் பாதிக்கு மேல் பிள்ளைகள் 35 என்று எழுதியிருந்தார்கள். 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். பெரியதில் சிறியதைக் கழிப்பதுதான் அவர்களுக்குப் பழகிய கழித்தல். டீச்சர் குச்சிக் கட்டுகளை வைத்து, ஒரு பத்துக் கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்க்கச் சொன்னார். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும், நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஒன்றுதான் என்று பிள்ளைகளே எண்ணிப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத வைத்தார். அதற்கு அடுத்த வாரத்து நோட்டும் அவர் கையில் இருந்தது. அதிலும் நான்கைந்து பேர் 35-லேயே நின்றிருந்தார்கள்; அதையும் மறைக்காமல் காட்டினார். பயிற்சிக் கட்டகம் எழுதுகிறவர்களுக்கு வேண்டியது இதுதான்: பிள்ளை எங்கே தடுக்கிறது, எதைச் செய்தால் தாண்டுகிறது, அப்புறமும் யார் தாண்டவில்லை. அடுத்த பயிற்சிக்கு வட்டாரக் கருத்தாளராக அவர் பெயரைத்தான் நாங்கள் அனுப்பினோம்.

வட்டாரத்தில் நன்றாகச் செய்பவரை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் கவனிப்பார்கள். அங்கிருந்து மாவட்டக் கருத்தாளர், பிறகு சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பணிமனைகள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது கையேடு எழுதும் வேலைக்கும் பயிற்சிக்கும் வகுப்பறை ஆசிரியர்கள் நிறைய பேர் தேவைப்பட்டார்கள். உங்களைப் போன்ற ஈராசிரியர் பள்ளி ஆசிரியருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. ஒரே அறையில் பல வகுப்பு உட்கார்ந்திருக்கும்போது 40 நிமிடச் செயல்பாடு நடக்குமா என்று அனுபவத்தில் சொல்ல உங்களால்தான் முடியும்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. கருத்தாளர் என்பது பதவி அல்ல. சம்பளம் மாறாது, பணிமூப்பும் கூடாது. நீங்கள் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் மற்ற ஆசிரியர் ஒருவரே பார்க்க வேண்டும். வருடத்தில் எத்தனை நாள் என்று அவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இதைப் பேசாமல் போய், திரும்பி வரும்போது பள்ளியில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

இதையே முழுநேர வேலையாக்க வேண்டுமென்றால் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் பணியிடம் இருக்கிறது. அதற்கு முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் தேவை. எம்.எட். இப்போது 2 ஆண்டுப் படிப்பு. விண்ணப்பிக்கும் முன்பே துறை அனுமதியையும் விடுப்புக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் எப்போது அறிவிப்பு விடும் என்பது நம் கையில் இல்லை. அதனால் எம்.எஸ்சி.யை இப்போதே தொடங்குவது நல்லது. முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் அது உதவும்.

பதவி உயர்வையும் விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு டெட் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கேட்க முடியாது. நீங்கள் தாள் 1 மட்டும் முடித்திருந்தால், பட்டதாரி ஆசிரியர் ஆகத் தாள் 2-ஐயும் எழுதிவிடுங்கள். தலைமையாசிரியர் ஆன பிறகு வகுப்பெடுக்கும் நேரம் குறையும். எமிஸ் பதிவு, காலை உணவு, கட்டட வேலை, மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று நாள் ஓடிவிடும். பாடநூல் பணியில் ஆசை இருப்பவர் அதற்கு முந்தைய வருடங்களைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இந்த மாதக் குறுவள மையக் கூட்டத்திற்கு ஒரே ஒரு பாடத்தின் நோட்டுகளை எடுத்துப் போங்கள். கற்பிக்கும் முன் ஒன்று, பின் ஒன்று, தேதியோடு. பேச 10 நிமிடம் வேண்டுமென்று உங்கள் ஆசிரியர் பயிற்றுநரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.