படுக்கைப்புண் தடுப்பை ஆய்வுக் கேள்வியாக்குவது எப்படி?

"எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். தொண்டி, மண்டபம் பக்கம் வீட்டிலேயே படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுப்பது பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். இது தலைப்புதான், கேள்வி இல்லை என்கிறார் என் வழிகாட்டி. எப்படிக் கேள்வியாக மாற்றுவது?"

யாரிடம், என்ன செய்து, எதனோடு ஒப்பிட்டு, எதை, எத்தனை நாளில் அளக்கப்போகிறீர்கள் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் அமைந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி. இவற்றில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது "எதை" என்பதில்தான்.

புதிதாகப் புண் வருகிறதா என்று அளப்பதே முதலில் தோன்றும். ஆனால் ஒரு மாதத்தில் ஒப்பிடும் இரு குழுக்களிலும் தலா 30 பேரை வைத்துப் பார்த்து, ஒரு குழுவில் மூவருக்கும் மற்றதில் ஒருவருக்கும் புண் வந்தால், அந்த வேறுபாடு தற்செயலாகவே இருக்கலாம். மேலும், முதல் நிலைப் புண்ணை அடையாளம் காண்பதே எளிதல்ல. விரலால் அழுத்தி எடுத்த பிறகும் மறையாத சிவப்பு என்பது பாடநூல் விளக்கம். நம் மக்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துச் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, தொட்டால் இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, அந்த இடத்தில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் ஊறிப் புண்ணான தோலையும் இதோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

ஆகவே, உங்கள் கால அளவுக்குப் பராமரிப்பவரின் செயல்திறனை அளப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. கேள்வியை இப்படி எழுதலாம்: "ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் பக்கவாதத்தால் வீட்டில் படுக்கையில் இருக்கும், படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் மதிப்பெண் 18 அல்லது அதற்குக் கீழ் உள்ள, சேர்க்கும் நாளில் புண் இல்லாத முதியவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு, உடலைத் திருப்புவதையும் தோலைச் சோதிப்பதையும் செவிலியர் நேரில் செய்து காட்டிக் கற்பிப்பது, கையேடு மட்டும் கொடுப்பதைவிட, 4 வாரங்களுக்குப் பின் அவர்களது செயல்திறன் மதிப்பெண்ணை உயர்த்துகிறதா?"

எத்தனை முறை திருப்பினோம் என்று வீட்டார் குறித்துவைக்கும் நோட்டை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் வரும் நாளுக்கு முந்தின இரவு மொத்தமாக நிரப்பப்பட்டிருக்கலாம். ஒரே பேனா மையில், ஒரே சீரான இடைவெளியில் நேரங்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். யாருக்கு எந்தப் பயிற்சி என்று அறியாத ஒருவர், பராமரிப்பவரைச் செய்து காட்டச் சொல்லி, சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு மதிப்பெண் இடுவதே நம்பகமானது. முப்பது பாகை சாய்த்துப் படுக்கவைத்தாரா, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைத்தாரா, இழுக்காமல் தூக்கித் திருப்பினாரா என்பவை அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்பதைக் கேள்விக்குள் கொண்டுவர வேண்டாம். அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 2, 3, 4 மணி இடைவெளிகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கிருந்தவர்கள் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில், பிளாஸ்டிக் விரிப்பின் மேல், கடலோரப் புழுக்கத்தில் வியர்த்துக் கிடப்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

திருப்பாமல் விடும் ஒப்பீட்டுக் குழுவை நெறிமுறைக் குழு ஏற்காது. கையேடு மட்டும் பெறும் குடும்பத்தினருக்கும் ஆய்வு முடிந்ததும் அதே பயிற்சியைக் கொடுப்பதாகவும், இடையில் யாருக்குப் புண் தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதாகவும் முன்மொழிவில் எழுதிவிடுங்கள்.