முதுசக் காணிப் பேச்சுக்கு ஓர் அழைப்பு

மதிப்புக்குரிய ஐயா,
அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. கோண்டாவிலில் தம்பி குடியிருக்கும் வீட்டு வளவையும் ஒரு தோட்டக் காணியையும் பற்றிப் பேசவேண்டும். அம்மா எங்களோடு இருக்கிறா. அக்கா சீதனத்தோடு கலியாணம் முடித்து ரொறன்ரோவில் இருக்கிறா. மூத்த மகன் என்பதால் அழைப்பை நானே எழுதவேண்டும். ஒருவரும் குறைநினையாதபடி எப்படி எழுதுவது?
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அழைப்பில் ‘அப்பாவின் சொத்து’ என்று எழுதாதீர்கள். தேசவழமையின்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியன வெவ்வேறானவை. உங்கள் பெற்றோர் மணவாழ்வில் உழைத்து வாங்கிய காணியென்றால் அது தேடியதேட்டமாகும், அதில் அம்மாவுக்கும் உரித்துண்டு. ஆகவே காணிகளை உறுதி இலக்கத்தாலும் பரப்பாலும் மட்டும் குறிப்பிட்டு, அம்மாவின் பெயரை முதலிலும் பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த ஒழுங்கிலும் எழுதுங்கள்.

சீதனம் பெற்ற அக்காவுக்கு இனிப் பங்குண்டா என்பது உறுதிகளைப் பார்த்துச் சட்டத்தரணி சொல்லவேண்டிய விடயம். அவரை அழையாமல் விட்டால், அந்தக் கேள்விக்கு நீங்களே விடை எழுதியதாகிவிடும். மருமக்களை அழைப்பதென்றால் எல்லோரையும் அழையுங்கள், இல்லையென்றால் ஒருவரையும் வேண்டாம். மருமகனுக்குக் கதிரை போட்டு மருமகளைக் குசினியில் இருத்துவது நம்மூரில் புதிதல்ல.

இடம் தம்பியின் வீடாக இருக்கக்கூடாது. எங்கள் குடும்பத்தில் அப்படிக் கூடியபோது, அந்த வீட்டுக்காரி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றதும், அந்த வீட்டைப் பற்றியே பேச வந்த நாங்கள் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினோம். ஊர்ச் சனசமூக நிலையத்தை இரண்டு மணித்தியாலத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

நேரத்துக்கு ரொறன்ரோவையும் பார்க்கவேண்டும். கோடையில் இங்கு மாலை 6.30 என்றால் அங்கு காலை 9.00, குளிர்காலத்தில் அது 8.00 ஆகும். இரண்டு நேரங்களையும் எழுதாவிட்டால் ஒருவர் நித்திரையில் இருப்பார்.

நானென்றால் இவ்வாறு எழுதுவேன்:

“அம்மாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும், கீழே குறிப்பிட்ட இரண்டு காணிகளைப் பற்றிப் பேசுவதற்காக 15ஆம் திகதி சனிக்கிழமை மாலை 6.30க்கு, ரொறன்ரோ நேரம் காலை 9.00க்கு, சனசமூக நிலையத்தில் கூடுவோம். அக்கா தொலைபேசியில் இணைவா. மருமக்களும் வரலாம். உறுதிகளின் பிரதிகள் இத்துடன் உள்ளன. அன்று எவரும் எதிலும் கையொப்பமிட வேண்டியதில்லை. நாளோ இடமோ ஒத்துவராவிட்டால் 5ஆம் திகதிக்கு முன் அறியத்தரவும்.”

‘பிரிப்பதற்காக’ என்று எழுதாமல் ‘பேசுவதற்காக’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வளவை வெட்டாமல் ஒருவரே எடுத்து மற்றவர்களுக்குக் காசு கொடுக்கவும் கூடுமல்லவா? கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் பற்றி அழைப்பில் ஒரு சொல்லும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்புங்கள். தம்பிக்கு முதலில் வாயால் சொல்லிவிட்டு அக்காவுக்குப் பிறகு எழுதினால், கடிதம் போய்ச் சேருமுன்னரே கதை போய்விடும்.